விடை வராமல் பார்முலாவே தெரிகிறதா?

எக்ஸெல் பழகத் தொடங்கியவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. பார்முலாவைச் சரியாகத்தான் டைப் செய்கிறோம். முன்னால் சமக்குறியும் இருக்கிறது. என்டர் தட்டியதும் விடை வர வேண்டிய இடத்தில் நாம் டைப் செய்த பார்முலாவே அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. அழித்துவிட்டு மீண்டும் டைப் செய்தாலும் அதே கதைதான்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பார்முலாவில் இல்லை. அந்த செல்லின் பார்மட் Text என்று இருப்பதுதான் காரணம். இதைச் சரி செய்வது எளிது. ஆனால் அவசரப்பட்டுத் தவறான வரிசையில் சரி செய்தால், விடை வரும்; அது தவறான விடையாக இருக்கும். அதனால் காரணம், தீர்வு இரண்டையும் ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

செல்லுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறோம்?

எக்ஸெல்லில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பார்மட் உண்டு. புதிய ஒர்க்ஷீட்டில் எல்லா செல்களும் General என்ற பார்மட்டில் இருக்கும். அப்படிப்பட்ட செல்லில் நீங்கள் எதையாவது டைப் செய்து என்டர் தட்டியவுடன், அது எண்ணா, தேதியா, வெறும் எழுத்தா என்று எக்ஸெல் பார்க்கிறது. சமக்குறியுடன் தொடங்கினால் பார்முலா என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது.

Text பார்மட் கொடுத்த செல்லில் இந்தச் சோதனை நடப்பதில்லை. "இங்கே எது வந்தாலும் எழுத்தாகவே வைத்துக்கொள்" என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிட்டதாக அர்த்தம். எனவே சமக்குறியும் அங்கே வெறும் எழுத்துதான். எக்ஸெல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, கட்டளைதான் வேறு.

அப்படியானால் Text பார்மட் எதற்கு? தொலைபேசி எண் போன்றவற்றுக்கு அது மிகவும் தேவை. 044 என்று தொடங்கும் எண்ணை General செல்லில் இடைவெளி இல்லாமல் டைப் செய்தால், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய்விடும். 16 இலக்க அட்டை எண்ணை டைப் செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும் என்பதே காரணம். இந்த மாதிரி எண்களைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால் அவற்றை எழுத்தாக வைப்பதே சரி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த Text பார்மட் நமக்குத் தெரியாமலே பக்கத்து வரிசைக்கும் பரவும்போதுதான்.

ஒரு தண்ணீர் கேன் கணக்கு

வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் ஒருவர் மாதக் கணக்கை எக்ஸெல்லில் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். முதல் நெட்டு வரிசையான A-யில் வீட்டின் அடையாளம். B-யில் போன் எண். C-யில் அந்த மாதம் போட்ட கேன்களின் எண்ணிக்கை. D-யில் ஒரு கேனின் விலை. கீழ் வீடுகளுக்கு 35 ரூபாய், மாடி ஏறிப் போட வேண்டிய வீடுகளுக்கு 40 ரூபாய்.

போன் எண்ணின் முன் பூஜ்யம் போய்விடக் கூடாது என்பதற்காக B நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து Text பார்மட் கொடுத்திருக்கிறார். இதுவரை எல்லாம் சரி.

இப்போது மொத்தத் தொகை தேவை. போன் எண்ணுக்குப் பக்கத்திலேயே தொகை இருந்தால் பேசும்போது பார்த்துச் சொல்ல வசதி. எனவே C-யின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து Insert கொடுக்கிறார். B-க்குப் பக்கத்தில் புதிய C பிறக்கிறது. பழைய C, D இரண்டும் ஓர் இடம் தள்ளி D, E ஆகிவிடுகின்றன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. புதிதாக நுழைக்கும் நெட்டு வரிசை, தனக்கு இடதுபுறம் உள்ள வரிசையின் பார்மட்டை எடுத்துக்கொள்ளும். இடதுபுறம் இருப்பது போன் எண் வரிசை. ஆகவே புதிய C-யும் பிறக்கும்போதே Text வரிசையாகப் பிறக்கிறது. பார்வைக்கு அது மற்ற காலி செல்களைப் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

C2-வில் அவர் இப்படி டைப் செய்கிறார்.

```
=D2*E2
```

என்டர் தட்டியதும் 420 வர வேண்டும். ஆனால் பார்முலாவே நிற்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த செல்லை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். மேலே Home டேபில் Number என்ற பிரிவில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதில் Text என்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எந்தப் பதிப்பானாலும் Ctrl + 1 அழுத்தினால் வரும் Format Cells டயலாக் பாக்ஸிலும் இதைப் பார்க்கலாம்.

இன்னோர் அடையாளமும் உண்டு. வேறொரு காலி செல்லில் இந்த வரிசையைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள்.

```
=SUM(C2:C6)
```

விடை 0 என்று வரும். SUM ஒரு வரிசையைக் கூட்டும்போது எழுத்துகளைக் கண்டுகொள்ளாது. C-யில் இருப்பவை எல்லாம் எழுத்து என்பதால் கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

General ஆக்கினேன், ஒன்றும் மாறவில்லையே?

காரணம் தெரிந்ததும் பலரும் செய்வது, அந்தப் பெட்டியில் Text என்பதை General என்று மாற்றுவது. மாற்றிய பிறகும் செல்லில் பார்முலாவே நிற்கும். "இதுவும் காரணம் இல்லை போலிருக்கிறது" என்று அங்கேயே விட்டுவிடுபவர்கள் அதிகம்.

டைப் செய்தது எழுத்தா, பார்முலாவா என்று எக்ஸெல் முடிவு செய்வது நீங்கள் என்டர் தட்டும் அந்த நொடியில்தான். முதல் முறை என்டர் தட்டியபோது செல் Text ஆக இருந்தது. எனவே உள்ளே எழுத்தாகப் பதிந்துவிட்டது. பிறகு பார்மட்டை மாற்றுவதால் ஏற்கெனவே பதிந்தது மாறாது. இன்னொரு முறை என்டர் தட்டி, மறுபடியும் முடிவு செய்ய வைக்க வேண்டும். அதற்கான வரிசை இது:

1. C என்ற தலைப்பைக் கிளிக் செய்து, நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுங்கள்.
2. Number பிரிவில் உள்ள பெட்டியில் General என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. C2 செல்லைக் கிளிக் செய்து F2 கீயை அழுத்துங்கள். செல்லுக்குள் கர்சர் துடிக்கும்.
4. எதையும் மாற்றாமல் என்டர் தட்டுங்கள்.

இப்போது 420 தெரியும். சில லேப்டாப்களில் F2 அழுத்தினால் திரையின் வெளிச்சமோ ஒலியோ மாறும். அப்போது Fn கீயுடன் சேர்த்து F2 அழுத்துங்கள். அல்லது செல்லின் மீது இரண்டு முறை கிளிக் செய்தாலும் போதும்.

வரிசை முக்கியம். முதலில் General, பிறகு F2, என்டர். மாற்றிச் செய்தால் பலன் இல்லை.

இழுத்துவிட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. C2-வில் பார்முலா எழுத்தாக நிற்பதைக் கவனிக்காமல், வழக்கம்போல அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து C6 வரை இழுத்துவிட்டால் என்ன ஆகும்?

உண்மையான பார்முலாவை இழுத்தால் D2, E2 இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் D3, E3 என்றும் D4, E4 என்றும் மாறும். ஆனால் இங்கே இருப்பது பார்முலா அல்ல. எண்ணில் முடியும் ஓர் எழுத்துத் தொடர். "வார்டு 1" என்று டைப் செய்து இழுத்தால் "வார்டு 2", "வார்டு 3" என்று வருமே, அதே முறையில் எக்ஸெல் கடைசியில் உள்ள எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறது. ஆகவே C3, C4 செல்களில் வருபவை இவை:

```
=D2*E3
=D2*E4
```

D2 அப்படியே நிற்கிறது. இந்த நிலையில் நீங்கள் வரிசை முழுவதையும் General ஆக்கி, ஒவ்வொரு செல்லிலும் F2, என்டர் தட்டினால் எல்லா செல்களிலும் எண்கள் வந்துவிடும். பிழைச் செய்தி வராது. ஆனால் எல்லா வீட்டுக் கணக்கிலும் முதல் வீட்டின் 12 கேன்களே பெருக்கப்பட்டிருக்கும். விளைவைப் பாருங்கள்.

| வீடு | கேன் | விலை | சரியான தொகை | தவறாக வரும் தொகை |
|---|---|---|---|---|
| முனை வீடு | 12 | 35 | 420 | 420 |
| டீச்சர் வீடு | 8 | 35 | 280 | 420 |
| மாடி வீடு | 15 | 40 | 600 | 480 |
| டெய்லர் கடை | 10 | 35 | 350 | 420 |
| மொட்டை மாடி அறை | 6 | 40 | 240 | 480 |
| மொத்தம் | | | 1890 | 2220 |

ஐந்தே வரிகளில் 330 ரூபாய் வித்தியாசம். டீச்சர் வீட்டில் 140 ரூபாய் அதிகம் கேட்க நேரும். மாடி வீட்டில் 120 ரூபாய் விட்டுப் போகும். முதல் வரி மட்டும் சரியாக இருப்பதால், அதை மட்டும் சரிபார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

எனவே ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தால், கீழே உள்ள செல்களைச் சரி செய்ய முயல வேண்டாம். C2-வை மட்டும் மேலே சொன்ன நான்கு படிகளில் சரி செய்யுங்கள். 420 வந்த பிறகு அதன் மூலையைப் பிடித்து C6 வரை மீண்டும் இழுங்கள். பழைய தவறான வரிகள் மீது புதிய பார்முலாக்கள் அமர்ந்துவிடும். இழுக்கும்போது C2-வின் General பார்மட்டும் கூடவே போகும் என்பது இதில் இன்னொரு லாபம்.

முடித்ததும் C4-ஐக் கிளிக் செய்து மேலே பார்முலா பாரைப் பாருங்கள். D4, E4 என்று அந்த வரியின் எண்களே இருந்தால் கணக்கு சரி.

ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பார்முலா இருந்தால்?

மேலிருந்து கீழே இழுக்கும் வழி, எல்லா வரிகளிலும் ஒரே மாதிரி பார்முலா இருந்தால்தான் உதவும். ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியாக டைப் செய்த பார்முலாக்கள் ஐம்பது, அறுபது இருந்தால் ஒவ்வொன்றிலும் F2, என்டர் தட்டுவது சலிப்பான வேலை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு.

முதலில் அந்த செல்களைத் தேர்ந்தெடுத்து General ஆக்குங்கள். தேர்வை எடுக்காமலே Ctrl + H அழுத்துங்கள். Find what பெட்டியில் ஒரு சமக்குறி மட்டும் டைப் செய்யுங்கள். Replace with பெட்டியிலும் அதே சமக்குறியை டைப் செய்து Replace All என்பதை அழுத்துங்கள். சமக்குறியை எடுத்துவிட்டு அதே சமக்குறியை வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அப்படி வைக்கும்போது எக்ஸெல் ஒவ்வொரு செல்லையும் புதிதாக டைப் செய்தது போல மீண்டும் படித்துப் பார்க்கிறது. எல்லாம் பார்முலாவாகிவிடும்.

ஒரே ஒரு செல்லை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு Replace All கொடுக்காதீர்கள். அப்போது எக்ஸெல் ஒர்க்ஷீட் முழுவதிலும் தேடி மாற்றும்.

நேற்று வந்த விடை இன்று போனால்

சிலருக்கு வேறு மாதிரி நடக்கும். பார்முலா முதலில் ஒழுங்காக விடை தரும். பிறகு அதில் ஒரு சிறு திருத்தம் செய்து என்டர் தட்டியதும் விடை போய், பார்முலாவே தெரியத் தொடங்கும்.

நம் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். போன் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் தனியே எடுக்க, G2-வில் இதை டைப் செய்கிறோம்.

```
=LEFT(B2,3)
```

G2 General ஆக இருப்பதால் 044 என்று விடை வருகிறது. ஆனால் இந்த பார்முலா சுட்டும் B2 ஒரு Text செல். எந்த செல்லிலிருந்து தகவல் எடுக்கிறோமோ அதன் பார்மட்டை, பார்முலா உள்ள General செல்லுக்கும் எக்ஸெல் கொடுத்துவிடுவது உண்டு. ஆகவே விடை வந்த கையோடு G2-வும் Text ஆகிவிடுகிறது. இப்போதைக்குப் பாதிப்பு தெரியாது. நாளை 3 என்பதை 4 என்று திருத்தி என்டர் தட்டும்போது, செல் Text ஆக இருப்பதால் பார்முலா எழுத்தாகிவிடும்.

தீர்வு முன்பு சொன்னதேதான்: General, F2, என்டர். Text வரிசையைச் சுட்டும் பார்முலாவைத் திருத்துவதற்கு முன், அந்தச் சிறிய பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதே போலத் தெரியும் வேறு இரண்டு

செல்லின் பார்மட் General என்றே இருந்தும் பார்முலா தெரிந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஒர்க்ஷீட்டில் உள்ள எல்லா பார்முலாக்களும் ஒரே நேரத்தில் தெரிகின்றனவா, நெட்டு வரிசைகளும் திடீரென அகலமாகிவிட்டனவா என்று பாருங்கள். அப்படியானால் Show Formulas என்ற வசதி இயங்குகிறது. சாதாரண கீபோர்டில் 1 என்ற கீக்கு இடதுபுறம் உள்ள கீயை Ctrl கீயுடன் தெரியாமல் அழுத்தினால் இது நேரும். அதே இரண்டு கீகளை மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அதே கீயை Ctrl, Shift இரண்டுடனும் சேர்த்து அழுத்தினால், தேர்ந்தெடுத்த செல்கள் General ஆகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செல்லைக் கிளிக் செய்து பார்முலா பாரைப் பாருங்கள். சமக்குறிக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறதா? அந்தக் குறியும் "இதை எழுத்தாக வை" என்ற கட்டளைதான். செல்லில் அது தெரியாது. பார்முலா பாரில் மட்டுமே தெரியும். அந்தக் குறியை நீக்கிவிட்டு என்டர் தட்டினால் விடை வந்துவிடும்.

பக்கத்து வரிசையைத் தொட வேண்டாம்

சரி செய்யும் வேகத்தில் ஒர்க்ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து General ஆக்கிவிடாதீர்கள். ஆக்கியவுடன் போன் எண்கள் மாறாது என்பதால் ஆபத்து உடனே தெரியாது. ஆனால் பிறகு எப்போதாவது அந்த எண் உள்ள செல்லில் F2, என்டர் தட்டினால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும்; முன் பூஜ்யம் போய்விடும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பார்மட்டை மறுபடியும் Text ஆக்கினாலும் அந்த இலக்கம் திரும்பி வராது. பார்முலா இருக்க வேண்டிய வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க, Text வரிசைக்கு வலதுபுறம் புதிய வரிசை நுழைத்ததும் அருகில் சிறிய பிரஷ் படம் ஒன்று தோன்றுகிறதா என்று பாருங்கள். அதைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் Clear Formatting என்பதைத் தேர்ந்தெடுத்தால் புதிய வரிசை General ஆகிவிடும். அந்தப் படம் தோன்றாவிட்டால், முதல் பார்முலாவை டைப் செய்வதற்கு முன்பே வரிசையைத் தேர்ந்தெடுத்து General கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு டைப் செய்யும் பார்முலா முதல் என்டரிலேயே விடை தரும். கீழே இழுக்கும்போதும் வரிக்கு வரி சரியாக மாறும்.